கடலில்லா ஊரில் கஸ்டம்ஸ்: ஐசிடி எப்படி வேலை செய்கிறது?

வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் சரக்கு, வரி கட்டி, சுங்க அதிகாரியின் விடுவிப்பு உத்தரவு கிடைக்கும்வரை அரசின் பிடியில்தான் இருக்கும். அந்த உத்தரவைக் கப்பல் வந்து நின்ற துறைமுகத்தில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. கடலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, ரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு வளாகத்திலும் வாங்கலாம். அப்படிப்பட்ட வளாகத்தைத்தான் இன்லேண்ட் கன்டெய்னர் டிப்போ என்கிறார்கள். தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக ஐசிடி என்பார்கள். உலர் துறைமுகம் என்ற பெயரும் உண்டு. ஐக்கிய நாடுகள் சபையின் ஆசிய பசிபிக் ஆணையத்தின் முயற்சியில் 2013-ல் உருவான உடன்படிக்கை அந்தப் பெயரையே பயன்படுத்துகிறது. இரண்டு பெயர்களும் நடைமுறையில் பெரும்பாலும் ஒன்றையே குறிக்கின்றன.

இந்தியாவில் முதல் ஐசிடி 1981-ல் பெங்களூருவில் தொடங்கப்பட்டது. 1983-ல் சுங்கச் சட்டத்திலேயே ஐசிடி என்பதற்குத் தனி இடம் கொடுத்தார்கள். துறைமுகத்தையும் விமான நிலையத்தையும் அரசு அறிவிப்பதுபோல ஐசிடியையும் அறிவிக்கலாம் என்று ஆனது. இந்த ஒரு திருத்தத்தின் கனம் கொஞ்சம் யோசித்தால்தான் புரியும். ஐசிடி என்பது துறைமுகத்தின் கிளைக் கிடங்கு இல்லை. அதுவே தனியாக ஒரு சுங்க நிலையம். சுங்கத் துறையின் கணினியில் பார்த்தால் அதற்கென்று தனிக் குறியீடு இருக்கும். மும்பைக்கு அருகிலுள்ள நவசேவா துறைமுகம் `INNSA1`. டெல்லியின் துக்ளகாபாத் ஐசிடி `INTKD6`. கடைசி எண்ணைக் கவனியுங்கள்: 1 என்றால் கடல் துறைமுகம், 4 என்றால் விமான நிலையம், 6 என்றால் ஐசிடி.

துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் கன்டெய்னர் ஃப்ரெயிட் ஸ்டேஷனையும், அதாவது சிஎஃப்எஸ்ஸையும், ஐசிடியையும் புதியவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்வார்கள். சிஎஃப்எஸ் துறைமுகத்தின் நெரிசலைக் குறைப்பதற்கான இடம். அங்கே நடக்கும் கிளியரன்ஸ் அந்தத் துறைமுகத்தின் கணக்கில்தான் நடக்கும். ஐசிடியில் நடப்பது ஐசிடியின் கணக்கு.

வளாகம் கட்டுவது இதில் எளிய பகுதி. கிரேன் வாங்கலாம், தண்டவாளம் போடலாம், அதிகாரிகளை உட்கார வைக்கலாம். சிக்கலான கேள்வி வேறு. வரி கட்டாத ஒரு கன்டெய்னரைத் துறைமுகத்தை விட்டு வெளியே விட்டால், அது வழியில் எங்காவது திறக்கப்பட்டு, சரக்கு சந்தைக்குப் போய்விடாது என்பதற்கு என்ன உறுதி? அந்த உறுதி மூன்று பொருள்களில் இருக்கிறது: ஒரு காகிதம், ஒரு சீல், ஒரு பாண்ட். இந்த மூன்றும் ஒழுங்காக இருந்தால் கிளியரன்ஸ் உள்நாட்டுக்கு நகரும். ஒன்று பிசகினாலும் கன்டெய்னர் எங்காவது மாட்டிக்கொள்ளும்.

ஒரு கன்டெய்னரைப் பின்தொடர்ந்தே இதைப் பார்க்கலாம். டெல்லிக்கு அருகில் உள்ள ஓர் ஆலை நெசவு இயந்திர உதிரிபாகங்களை இறக்குமதி செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு 40 அடி கன்டெய்னர். கப்பல் நவசேவாவுக்கு வருகிறது. ஆலைக்காரர் கிளியரன்ஸைத் துக்ளகாபாதில் முடிக்க விரும்புகிறார்.

முதலில் காகிதம். ஷிப்பிங் லைன், அதாவது கப்பல் நிறுவனம், சரக்கைப் பெற்றுக்கொண்டதற்குக் கொடுக்கும் ஆவணமான பில் ஆஃப் லேடிங்கில் அடுத்தடுத்து இரண்டு கட்டங்கள் இருக்கும். போர்ட் ஆஃப் டிஸ்சார்ஜ் என்பது கப்பலிலிருந்து இறக்கும் துறைமுகம். பிளேஸ் ஆஃப் டெலிவரி என்பது ஷிப்பிங் லைன் சரக்கை ஒப்படைக்கப் பொறுப்பேற்றிருக்கும் இடம். முதல் கட்டத்தில் நவசேவா, இரண்டாவதில் துக்ளகாபாத் ஐசிடி என்று இருந்தால் சரி. கப்பல் வருவதற்கு முன் ஷிப்பிங் லைன் சுங்கத்திடம் கொடுக்கும் சரக்குப் பட்டியலிலும், அதாவது மேனிஃபெஸ்டிலும், இந்தக் கன்டெய்னர் உள்நாட்டுக்குப் போகும் சரக்கு என்றே பதிவாகும்.

இரண்டாவது கட்டம் காலியாக இருந்தாலோ, அங்கேயும் நவசேவா என்றே இருந்தாலோ, அங்கேதான் தொல்லை ஆரம்பம். சுங்கத்தின் பார்வையில் அது துறைமுகத்திலேயே கிளியர் ஆக வேண்டிய சரக்கு. ‘என் ஆலை டெல்லியில்தான் இருக்கிறது’ என்று சொல்வதால் அது மாறாது. ஷிப்பிங் லைன் மேனிஃபெஸ்டைத் திருத்த ஒப்புக்கொள்ள வேண்டும், உள்நாட்டு ரயில் கட்டணம் யார் தருவது என்று தீர்மானிக்க வேண்டும், சுங்கம் திருத்தத்தை ஏற்க வேண்டும். இத்தனையும் நடக்கும்வரை கன்டெய்னர் டெர்மினலிலேயே கிடக்கும். இலவச நாட்கள் தீர்ந்ததும் வாடகை ஏறும். இந்தப் பிழை கப்பல் கிளம்புவதற்கு முன்பே, பில் ஆஃப் லேடிங்கின் வரைவு கைக்கு வரும்போதே, அரை நிமிடத்தில் கண்ணில் படக்கூடியது. விற்பவர் அனுப்பும் வரைவில் தொகையையும் பெயரையும் சரிபார்க்கிறவர்கள் இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

நம் கன்டெய்னரின் காகிதம் சரியாக இருக்கிறது. கப்பல் வந்ததும் ஷிப்பிங் லைன், ‘இந்தக் கன்டெய்னரை வரி கட்டாத நிலையிலேயே துக்ளகாபாதுக்குக் கொண்டுபோக அனுமதியுங்கள்’ என்று துறைமுகச் சுங்கத்திடம் விண்ணப்பிக்கும். கிடைக்கும் அனுமதிக்கு டிரான்ஷிப்மென்ட் பெர்மிட் என்று பெயர். அந்தத் தகவல் கணினி வழியாக ஐசிடி சுங்கத்துக்கும் போய்விடும். ஆகவே ரயில் வருவதற்கு முன்பே, எந்தக் கன்டெய்னர், என்ன சீல் எண், எதை எதிர்பார்க்க வேண்டும் என்பது ஐசிடிக்குத் தெரியும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். துறைமுகத்தில் சுங்கத்துக்கு வேலையே இல்லை என்று ஆகிவிடாது. மேனிஃபெஸ்டைப் பார்ப்பதும், சந்தேகப்படும் கன்டெய்னரை ஸ்கேனருக்கு அனுப்புவதும் அங்கேயேதான். உள்நாட்டுக்கு நகர்வது வேறு வேலைகள்: சரக்கு எந்த வகை, மதிப்பு சரியா, வரி எவ்வளவு, திறந்து பார்க்க வேண்டுமா, எப்போது விடுவிக்கலாம் என்பவை. நாட்களைத் தின்பவை இவைதான் என்பதால், இவற்றை நகர்த்துவதில்தான் லாபம் இருக்கிறது.

அடுத்தது சீல். கன்டெய்னரின் வலது கதவில் உள்ள கைப்பிடியின் துளை வழியாக ஓர் இரும்பு ஆணி இறங்கி, கீழே ஒரு குமிழுக்குள் பூட்டிக்கொள்ளும். போல்ட் சீல் என்பார்கள். பெரிய கட்டர் இல்லாமல் அதைக் கழற்ற முடியாது. கழற்றினால் திரும்பப் பூட்டவும் முடியாது. இதற்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 17712. அந்தத் தரத்தில் உயர் பாதுகாப்பு வகையைச் சேர்ந்த சீலில் H என்ற எழுத்து இருக்கும்.

சீலைப் பார்க்கத் தெரிந்தவர் எண்ணை மட்டும் வாசித்துவிட்டுப் போக மாட்டார். குமிழைப் பிடித்துத் திருகுவார், கீழே இழுத்துப் பார்ப்பார். வெட்டி ஒட்டிய சீல் அந்த இழுப்பில் ஆடும். பிறகு கைப்பிடியைக் கதவோடு இணைக்கும் ரிவெட்டுகளையும் கதவின் கீல்களையும் பார்ப்பார். மற்றவை துருவேறியிருக்க ஒரு ரிவெட் மட்டும் புதிதாகப் பளபளத்தாலோ, அதன்மேல் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தாலோ, சீலைத் தொடாமலேயே கதவைத் திறந்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். சீல் அப்படியே இருக்கிறது என்பது சரக்கு அப்படியே இருக்கிறது என்பதற்கு முழுச் சாட்சி ஆகாது. எடைபோட்டுப் பார்ப்பது இன்னொரு சோதனை. கிளம்பும்போது இருந்த எடைக்கும் வந்து சேர்ந்த எடைக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் சீல் என்ன சொன்னாலும் பெட்டியைத் திறந்தாக வேண்டும்.

நடைமுறையில் அதிகம் நேர்வது திருட்டைவிடச் சாதாரணமான ஒன்று: எண் பொருந்தாமை. துறைமுகத்தில் ஸ்கேனரில் ஏதோ தெளிவில்லாமல் தெரிய, அதிகாரிகள் கன்டெய்னரைத் திறந்து பார்த்துவிட்டுப் புதிய சீல் போடுகிறார்கள். அது முறையான வேலைதான். ஆனால் புதிய எண் பெர்மிட்டில் ஏறவில்லை என்றால், ஐசிடியில் வந்து இறங்கும்போது காகிதத்தில் ஓர் எண், கதவில் இன்னோர் எண். ஐசிடி அதிகாரிக்கு நடந்த கதை தெரியாது. அவருக்குத் தெரிவது, சீல் மாறிய ஒரு கன்டெய்னர். கன்டெய்னரை நிறுத்திவைத்து முழுச் சோதனைக்கு உத்தரவிடுவதுதான் அவர் செய்யக்கூடியது. அதனால்தான் ரயிலில் ஏற்றும் முன் சீல் எண்ணை நேரில் பார்த்து, பெர்மிட்டோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் துறைமுகத்திலேயே திருத்தி வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே அது சில மணி நேர வேலை. ஐசிடிக்கு வந்த பிறகு நாட்கணக்கில் இழுக்கும் வேலை.

மூன்றாவது, பாண்ட். வெளியில் இருப்பவர்கள் கண்ணில் அதிகம் படாததும், என் கணிப்பில் மூன்றிலும் முக்கியமானதும் இதுதான். கன்டெய்னரைக் கொண்டுபோகிறவர், ‘இது ஐசிடிக்குப் போய்ச் சேராவிட்டால் இதன் வரியை நான் கட்டுகிறேன்’ என்று அரசுக்கு எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி அது. ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனித்தனியாக எழுதினால் கட்டுப்படியாகாது. அதனால் ஒரு பெரிய தொகைக்கு ஒரே பாண்ட் கொடுத்து வைப்பார்கள். கன்டெய்னர் கிளம்பும்போது அதற்கான தொகை பாண்டிலிருந்து கழியும். ‘வந்து சேர்ந்துவிட்டது’ என்று ஐசிடியிலிருந்து உறுதி வந்ததும் அந்தத் தொகை திரும்ப வரவாகும்.

கணக்காகப் பார்ப்போம். எண்கள் கற்பனை, கணக்கு நிஜம். பாண்டின் மொத்தத் தொகை 10 கோடி. ஒரு கன்டெய்னருக்குக் கழியும் தொகை சராசரியாக 10 லட்சம். அப்படியானால் ஒரே சமயத்தில் அதிகபட்சம் 100 கன்டெய்னர்கள் வழியில் இருக்கலாம். துறைமுகத்திலிருந்து கிளம்பி, வந்து சேர்ந்து, உறுதி திரும்பிப் போக 5 நாள் ஆகிறது என்றால், நாளொன்றுக்கு 20 கன்டெய்னர்களை அனுப்பலாம். இப்போது ஐசிடியில் வருகைப் பதிவு தாமதமாகிறது. கன்டெய்னர் 5 நாளில் வந்துவிட்டது. ஆனால் யாரோ பதிவு செய்யாததாலோ, எண் பொருந்தாமல் கணினி ஏற்க மறுத்ததாலோ, உறுதி போய்ச் சேர 10 நாள் ஆகிறது. பாண்ட் அதே 10 கோடிதான். அனுப்ப முடிவது 20-லிருந்து 10 ஆகிவிட்டது.

ரயிலின் வேகம் குறையவில்லை, கிரேன் பழுதாகவில்லை, ஆனாலும் துறைமுகத்தில் கன்டெய்னர்கள் தேங்கும். துறைமுகத்தில் உள்ளவர்கள் ரயில் போதவில்லை என்பார்கள். காரணம் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி ஐசிடியின் வாசலில் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ‘வந்து சேர்ந்துவிட்டன, ஆனால் கணக்கு முடியவில்லை’ என்ற நிலையில் எத்தனை பெர்மிட்டுகள் நிற்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். அந்த எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனால், கொஞ்ச நாளில் பாண்ட் தீர்ந்து புதிய பெர்மிட் கிடைக்காமல் போகும் என்று அர்த்தம்.

நம் கன்டெய்னருக்குத் திரும்புவோம். பெர்மிட் கிடைத்தது, சீல் பொருந்தியது, பாண்டில் தொகை கழிந்தது. இனி ரயில் கிடைக்க வேண்டும். இந்தியாவில் ஒரு கன்டெய்னர் ரயிலில் வழக்கமாக 45 வேகன்கள். ஒற்றை அடுக்கில் 90 இருபதடிக் கன்டெய்னர்கள் ஏறும். நம்முடையது 40 அடி என்பதால் அது இரண்டு இடத்தை எடுத்துக்கொள்ளும். துக்ளகாபாத் போன்ற பெரிய ஐசிடிக்கு ஒரு ரயில் நிரம்புவது கஷ்டமில்லை. சிறிய ஐசிடிக்கு நாளொன்றுக்கு 30 இடங்களுக்கான சரக்குதான் வருகிறது என்றால், ஒரு ரயில் நிரம்ப 3 நாள் ஆகும். முதல் நாள் இறங்கிய கன்டெய்னர் மூன்று நாளும் காத்துக் கிடக்கும். ஊருக்கு ஊர் ஐசிடி கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். சரக்கு பல ஐசிடிகளுக்குப் பிரிந்தால் ஒவ்வொன்றுக்கும் ரயில் நிரம்பும் காலம் நீளும்.

ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆலைக்காரரின் கஸ்டம்ஸ் புரோக்கர், சுங்கத்துக்கான இறக்குமதி அறிவிப்பான பில் ஆஃப் என்ட்ரியைத் துக்ளகாபாதில் தாக்கல் செய்துவிடலாம். சரக்கின் வகை, மதிப்பு, வரி எல்லாம் கணினியில் பரிசீலனை ஆகி, கன்டெய்னர் வந்து இறங்கும் நேரத்தில் வரியைக் கட்டிவிட்டுக் காத்திருக்கலாம். சோதனை வேண்டாம் என்று கணினி முடிவு செய்தால், சீலைப் பார்த்து, விடுவிப்பு உத்தரவு வாங்கி, அன்றே லாரியில் ஏற்றிவிட முடியும். சோதனை வேண்டும் என்றால் உள்நாட்டுக் கிளியரன்ஸின் இன்னொரு நன்மை தெரியும். ஆலையின் பொறியாளர் அரை மணி நேரத்தில் வந்து, ‘இந்தப் பாகம் இதற்குத்தான்’ என்று அதிகாரிக்கு நேரிலேயே காட்டலாம். துறைமுகத்தில் அதே சந்தேகம் வந்தால் கடிதமும் படமும் போய்வர வேண்டும்.

ஏற்றுமதியில் இதே பாதை தலைகீழாக ஓடும். ஏற்றுமதி அறிவிப்பான ஷிப்பிங் பில் ஐசிடியில் தாக்கலாகும், தேவைப்பட்டால் சோதனையும் அங்கேயே, ஏற்றுமதி அனுமதியும் அங்கேயே. துறைமுகத்தில் சீலை மட்டும் பார்த்துக் கப்பலில் ஏற்றுவார்கள். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஐசிடியில் அனுமதி கிடைத்த நாளுக்கும் கப்பலில் ஏறும் நாளுக்கும் இடையில் ஒரு வாரம்கூட ஆகலாம். ஆவணங்களைக் காட்டினால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி எழுதித் தரும் கடன் கடிதம் கப்பலில் ஏறிய தேதியைக் கேட்டால், ஐசிடியில் ஒப்படைத்ததற்கான பில் ஆஃப் லேடிங் மட்டும் போதாது. சரக்கை ஐசிடியில் ஒப்படைத்துவிட்டு எஃப்ஓபி விலையில் விற்பவருக்கு இன்னொரு கஷ்டம்: பெட்டி கப்பலில் ஏறும்வரை நடக்கும் சேதம் அவர் தலையில்தான், ஆனால் பெட்டி அவர் கையில் இல்லை. கொண்டுபோகிறவரிடம் ஒப்படைத்ததோடு விற்பவரின் பொறுப்பு முடியும் எஃப்சிஏ முறைதான் கன்டெய்னர் சரக்குக்குப் பொருத்தம் என்று சர்வதேச வணிகச் சபை சொல்வது இதனால்தான். இந்த விற்பனை முறைகளை வரையறுக்கும் அந்தச் சபையின் விதித்தொகுப்பான இன்கோடெர்ம்ஸின் 2020 பதிப்பில், எஃப்சிஏ முறையிலும் கப்பலில் ஏறியதற்கான பில் ஆஃப் லேடிங்கை விற்பவருக்குக் கொடுக்கும்படி வாங்குபவர் ஷிப்பிங் லைனிடம் சொல்ல வழி செய்திருக்கிறார்கள்.

கடற்கரையே இல்லாத நாடுகளுக்கு இது விருப்பத் தேர்வு இல்லை. 1993-ல் எரித்ரியா பிரிந்த பிறகு எத்தியோப்பியாவுக்குக் கடற்கரை கிடையாது. அதன் சரக்கில் பெரும்பகுதி ஜிபூட்டியில் இறங்கி, மோஜோ உலர் துறைமுகத்துக்குப் போகிறது. அங்கே பாண்டும் சீலும் இரண்டு நாடுகளின் சுங்கத்துக்கும் செல்லுபடியாக வேண்டும் என்பது கூடுதல் சிக்கல்.

எல்லாருக்கும் ஐசிடி லாபம் என்று சொல்ல மாட்டேன். ஆலை துறைமுகத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருந்தால், ரயிலில் ஏற்றி, இறக்கி, மறுபடி லாரியில் ஏற்றும் செலவு மிச்சப்படும் நேரத்தைத் தின்றுவிடும். அவசரச் சரக்குக்கு, ரயில் நிரம்பும்வரை காத்திருப்பதைவிடத் துறைமுகத்திலேயே கிளியர் செய்து லாரியில் கொண்டுவருவது மேல். முடிவெடுக்கும் முன் ஷிப்பிங் லைனிடம் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கன்டெய்னருக்கான இலவச நாட்கள் கப்பலிலிருந்து இறங்கிய நாளிலிருந்து எண்ணப்படுமா, ஐசிடிக்கு வந்த நாளிலிருந்தா? சரக்கை இறக்கிய பிறகு காலிப் பெட்டியை அதே ஐசிடியில் திருப்பிக் கொடுக்கலாமா, துறைமுகத்துக்கே கொண்டுபோக வேண்டுமா? இரண்டாவது கேள்விக்குத் துறைமுகம் என்று பதில் வந்தால், காலிப் பெட்டியை ஆயிரம் கிலோமீட்டர் திருப்பி அனுப்பும் செலவையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.